யானை எங்கே போனது?

நம் கல்லூரியில் என்னிடம் வரலாறு படித்த மாணவி ஒருத்தி இப்போது பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டில் இருக்கிறாள். தன் ஆய்வுக் கட்டுரையை ஒப்படைக்க 11 நாட்கள் இருக்கும்போது அதன் வரைவைக் கொண்டு வந்து தந்தாள். 48 பக்கங்கள். தலைப்பு, ஊர்காவற்றுறைத் துறைமுகமும் முஸ்லிம் வணிகர்களும். எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்தால் போதும் என்றாள். "மற்றதெல்லாம் முடிஞ்சுது டீச்சர்" என்றாள்.

அவள் ஏன் இந்தத் தலைப்பை எடுத்தாள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய உம்மும்மா தீவுப் பகுதியைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு புத்தளத்துக்குப் போன குடும்பங்களில் அதுவும் ஒன்று. "நீங்க எப்ப வந்தனீங்க?" என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும் என்ற ஆசை அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது. அதனாலேயே நான் அதைக் கவனமாக வாசிக்க வேண்டியிருந்தது. ஆசையால் எழுதப்பட்ட கட்டுரையை ஆசையில்லாத ஒருவர் வாசித்தால் என்ன கேட்பார் என்பதை ஒப்படைக்கும் முன்பே கேட்டுவிடுவதுதான் அவளுக்கு நான் செய்யக்கூடிய உதவி.

வரைவை முதலில் பென்சில் இல்லாமல் முழுவதும் வாசித்தேன். பிறகு ஒரே ஒரு வசனத்தைத் தேடினேன். கட்டுரை முழுவதும் எதை நிறுவ முயல்கிறதோ அந்த வசனத்தை. அது இரண்டாம் பக்கத்தில் இருந்தது: "பண்டைக் காலத்தில் ஊர்காவற்றுறை சிறப்புமிக்க துறைமுகமாக விளங்கியதுடன், அதன் வளர்ச்சிக்கு முஸ்லிம் வணிகர்கள் பெரும் பங்காற்றினர்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு வசனங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஊர்காவற்றுறை ஒரு துறைமுகமாக இருந்தது என்ற முதற் பாதியை மறுக்க யாரும் இல்லை. யாரும் மறுக்காத ஒன்றை நிறுவ 48 பக்கம் தேவையில்லை. "பண்டைக் காலம்" என்பது எந்த நூற்றாண்டு என்றும் தெரியவில்லை. "சிறப்பு" எதனோடு ஒப்பிட்டு என்றும் இல்லை. இரண்டாம் பாதியை மறுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே கட்டுரையின் முழுப் பாரமும் அங்கேதான் நிற்க வேண்டும். அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

அதற்கு ஓர் எளிய வழி உண்டு. அத்தியாயம் அத்தியாயமாக அடிக்குறிப்புகளை எண்ணுவது. தீவுகளின் புவியியலையும் பொதுவான வரலாற்றையும் சொல்லும் முதல் அத்தியாயத்தில் 31 அடிக்குறிப்புகள் இருந்தன. முஸ்லிம் வணிகரைப் பற்றிய மூன்றாம் அத்தியாயத்தில் 4 மட்டும். சண்டை நடக்கப்போகும் இடத்தில் காவல் இல்லை, யாரும் வராத வாசலில் காவல் நிறைய. அந்த அத்தியாயத்தில் "ஐயமின்றி", "என்பது தெளிவு", "யாவரும் அறிந்ததே" என்ற சொற்கள் வந்த இடங்களையும் கோடிட்டேன். ஒன்பது இடங்கள். ஒன்பதிலும் அடிக்குறிப்பு இல்லை. சான்று கையில் இருப்பவர் "ஐயமின்றி" என்று எழுத வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை.

இருந்த நான்கு அடிக்குறிப்புகளில் மூன்று ஒரே செய்திக்கு உரியவை. மூன்று வெவ்வேறு நூல்கள். எடுத்துப் பார்த்தபோது மூன்றும் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றைப் பற்றி ஒரே கட்டுரையை வைத்துச் சொன்னவை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில ஆய்விதழில் அந்தக் கல்வெட்டைப் பதிப்பித்து எழுதிய கட்டுரை அது. ஒருவர் சொன்னதை மூவர் திருப்பிச் சொன்னால் சாட்சி மூன்றாகாது. என் மாணவி அந்த மூன்று நூல்களையும் வாசித்திருந்தாள். மூலக் கட்டுரையை வாசிக்கவில்லை.

மறுநாள் அவளை வரச் சொன்னேன். வெற்றுத்தாள் ஒன்றை நடுவே மடித்துக் கொடுத்தேன். "இடது பக்கம் நீங்க கல்வெட்டைப் பற்றி எழுதின வசனத்தை எழுதுங்க மகள். வலது பக்கம் கல்வெட்டு சொல்றதை எழுதுவம்" என்றேன்.

இடது பக்கத்தில் அவள் எழுதியது இது: "நயினாதீவுக் கல்வெட்டு, அரபு முஸ்லிம் வணிகர்கள் ஊர்காவற்றுறைக்குக் குதிரைகளைக் கொண்டு வந்ததையும் அவர்களுக்குப் பராக்கிரமபாகு மன்னன் பாதுகாப்பு அளித்ததையும் கூறுகிறது."

வலது பக்கத்தை நிரப்ப இந்திரபாலாவின் கட்டுரையை முன்னால் வைத்துக்கொண்டோம். கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை என்று அவர் கொள்கிறார். அம்மன்னன் பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்டவன். கட்டளை நான்கு விடயங்களைச் சொல்கிறது. பரதேசிகள், அதாவது வெளிநாட்டார், ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும். பல துறைகளிலிருந்தும் பரதேசிகள் நம் துறைக்கு வந்து கூட வேண்டும். யானையும் குதிரையும் நமக்கு விருப்பமானவை என்பதால், அவற்றைக் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கைப் பண்டாரம் எடுத்துக்கொண்டு முக்கால் பங்கை உடையவனுக்கு விட வேண்டும். வேறு வணிகப் பொருள் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

எழுதி முடித்ததும் இரண்டு பக்கத்தையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடச் சொன்னேன். இடது பக்கத்தில் இருந்து வலது பக்கத்தில் இல்லாத சொற்களைச் சிவப்பில் வட்டமிட வேண்டும். வலது பக்கத்தில் இருந்து இடது பக்கத்தில் இல்லாதவற்றை நீலத்தில்.

சிவப்பு வட்டம் "அரபு", "முஸ்லிம்" என்ற இரு சொற்களிலும் விழுந்தது. கல்வெட்டில் இருப்பது பரதேசி என்ற சொல் மட்டுமே. அந்தச் சொல்லுக்குள் அரபியரும் இருந்திருக்கலாம். தென்னிந்திய வணிகரும் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்பதும் கூறுகிறது என்பதும் ஒன்றல்ல.

இந்த வட்டத்தை அவள் எதிர்பார்த்திருந்தாள் போலும். "குதிரை வியாபாரம் செய்தது அரபிகள்தானே டீச்சர், மார்க்கோ போலோவும் சொல்றார்தானே" என்றாள். சொல்கிறார், உண்மை. ஓர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து வணிகர் குதிரை கொண்டு வந்ததை அவர் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எழுதியது 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில். சொன்னது எதிர்க்கரையான மாபார் பற்றி, அதாவது தமிழகக் கடற்கரை பற்றி. நூறு வருடத்தையும் பாக்கு நீரிணையையும் தாண்டித்தான் அந்தச் சான்றை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவர முடியும். கொண்டுவரக் கூடாது என்றில்லை. தாண்டுகிறோம் என்பதை வாசிப்பவருக்குச் சொல்லிவிட்டுத் தாண்ட வேண்டும்.

நீல வட்டம்தான் அவளைத் திடுக்கிட வைத்தது. வலது பக்கத்தில் யானை இருந்தது. இடது பக்கத்தில் இல்லை. வரைவு முழுவதும் தேடினோம். கல்வெட்டைப் பற்றிப் பேசிய ஆறு இடங்களிலும் குதிரை இருந்தது, ஓர் இடத்திலும் யானை இல்லை.

"யானை எங்கே மகள் போச்சுது?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "யானை இங்கேயே காட்டில இருக்குதானே டீச்சர். வெளியில இருந்து ஏன் கொண்டு வரப்போறாங்க? அது ஏதோ பிழையா எழுதினது எண்டு நினைச்சு விட்டுட்டன்" என்றாள்.

பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து யானைகள் வெளியே ஏற்றுமதியானது அவளுக்குத் தெரியும். தெரிந்த ஒன்றோடு பொருந்தாததால் கல்வெட்டின் ஒரு சொல் கையிலிருந்து தானாக நழுவிவிட்டது. நல்ல மாணவிகளுக்குச் சான்று விடுபடுவது அநேகமாக இப்படித்தான். தேடாமல் விடுவதை விட, கண்ணில் பட்டும் பொருந்தாததால் விடுவது அதிகம். ஆகவே வரைவில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் குறை தெரியாது. மூலத்தைப் பக்கத்தில் வைத்து, அதில் இருந்து இங்கே எது வரவில்லை என்று பார்க்க வேண்டும்.

அந்த யானையைத் துரத்திப் போனோம். பராக்கிரமபாகு 1160களில் ராமஞ்ஞ தேசத்தின் மீது, அதாவது பர்மாவின் மீது, கடற்படை அனுப்பிய கதையைச் சூளவம்சம் சொல்கிறது. பகைக்கு அது தரும் காரணங்களில் ஒன்று யானை வியாபாரம். பர்மிய மன்னன் யானை விற்பனையைக் கட்டுப்படுத்தி விலையை மிகவும் உயர்த்தினான் என்பது இலங்கையின் முறைப்பாடு. ஆகவே யானைகள் நிறைந்த இந்தத் தீவின் மன்னனும் 12 ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து யானை வாங்கியிருக்கிறான். கல்வெட்டில் பிழை இல்லை.

இப்போது யானை கட்டுரைக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். குதிரை மேற்கிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டால், யானை கிழக்கிலிருந்து வந்திருக்கிறது. பரதேசிகள் எல்லாரும் மேற்கிலிருந்து வந்த அரபியர் என்ற வாசிப்பு அங்கேயே உடைகிறது. அவள் விட்ட ஒரு சொல், அவள் கருத்துக்கு எதிராகப் பேசக்கூடிய சொல். பரிசோதகர் ஒருவர் கல்வெட்டை அறிந்தவராக இருந்தால் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எதிரான சான்றை நாமே எடுத்து வைத்து விடை சொன்னால் அது நேர்மை. மற்றவர் எடுத்து வைத்தால் மறைத்ததாகவே தோன்றும்.

இன்னும் மூன்று இடங்களைச் சுருக்கமாகப் பார்த்தோம்.

முதலாவது, கல்வெட்டில் இருப்பது ஊராத்துறை. கட்டுரையில் இருப்பது ஊர்காவற்றுறை. இரண்டும் ஒன்று என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட அடையாளம் அது. சிங்களத்தில் இன்றும் அந்த ஊர் ஊராத்தோட்டை என்றே வழங்குகிறது. ஒரு பந்தியில் முடியக்கூடிய விடயம். ஆனால் அந்தப் பந்தி இல்லாவிட்டால், பின்னால் வரும் எல்லாம் கட்டாத படகு மாதிரி மிதக்கும்.

இரண்டாவது, அல்லைப்பிட்டி. ஊர்காவற்றுறை இருக்கும் அதே தீவில் உள்ள அந்த ஊரில் 1977 இல் சொங் காலத்துச் சீன மட்பாண்டங்கள் கிடைத்தன. அவற்றை அவள் அரபு வணிகரின் வருகைக்குச் சான்றாக எழுதியிருந்தாள். ஓடு எங்கே செய்யப்பட்டது, ஏறக்குறைய எக்காலத்தது என்பதைச் சொல்லும். யாருடைய கப்பலில் வந்தது என்பதைத் தானாகச் சொல்லாது. அந்த ஓடுகள் தீவுக்குக் கடல் கடந்த வணிகம் இருந்ததற்கு மிக நல்ல சான்று. அதற்கே அவற்றைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள். கல்வெட்டுக் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்களாக இருக்கலாம் என்று 5 பக்கம் எழுதியிருந்தாள். ஐரோப்பியர் காலத்தில் அங்கே குதிரை வளர்த்தார்கள் என்பது தெரிந்தது. அதற்கு முன் அந்தத் தீவில் குதிரை நின்றதற்கு அவளிடம் ஒரு சான்றும் இல்லை. போர்த்துக்கேயர் நெடுந்தீவுக்கு வைத்த பெயரோ பசுத்தீவு என்ற பொருளுடையது. "இதை எடுத்துட்டா கட்டுரை சின்னதாகிடுமே டீச்சர்" என்றாள். 5 பக்கம் குறையும், ஒரு பலவீனமும் குறையும் என்றேன். குறிகட்டுவானிலிருந்து வள்ளத்தில் போய்த் தானே எடுத்த கல்வெட்டின் படத்தையும் பின்னிணைப்பில் வைத்திருந்தாள். படத்தில் எழுத்துகள் தெளிவில்லை. அது இருக்கட்டும், அங்கே போனாய் என்பதற்கு அது சான்று, கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு இந்திரபாலாவின் வாசிப்புத்தான் சான்று, அதைக் கீழே குறிப்பிட வேண்டும் என்று சொன்னேன்.

இதன் பிறகு அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப நாங்க அங்க இருக்கேல்லையா டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் எழுத்துப் பிழை திருத்தி அனுப்பியிருக்க முடியாது. இருந்தார்கள் என்பதற்கும் இந்தக் கல்வெட்டு சாட்சி சொல்லவில்லை என்பதற்கும் இடையில் முரண் இல்லை என்றேன். நயினாதீவிலும் மண்கும்பானிலும் பள்ளிவாசல்கள் நிற்கின்றன. உம்மும்மாவின் காலத்தை நிறுவப் பராக்கிரமபாகு தேவையில்லை. ஒரு சமூகம் ஓர் ஊரில் வாழும் உரிமை அது 12 ஆம் நூற்றாண்டில் வந்ததா, 17 ஆம் நூற்றாண்டில் வந்ததா என்பதைப் பொறுத்ததும் அல்ல. ஆனால் இல்லாத சொல்லை நாம் கல்லில் ஏற்றினால், ஒருநாள் யாராவது கல்லை வாசித்து அந்தச் சொல்லை இறக்குவார்கள். அப்போது உண்மையாக நம்மிடம் இருக்கும் சான்றுகளையும் சேர்த்தே சந்தேகிப்பார்கள்.

நேரடிச் சான்று எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணமும் காட்டினேன். கொழும்பில் கிடைத்த அரபுக் கல்லறைக் கல் ஒன்று ஹிஜ்ரி 337 என்ற ஆண்டைச் சொல்கிறது. கிறிஸ்து ஆண்டில் 948 அல்லது 949. அதில் அரபு எழுத்து இருக்கிறது, முஸ்லிம் பெயர் இருக்கிறது, திகதி இருக்கிறது. யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. தீவுப் பகுதியில் அப்படியொரு கல், அல்லது துறையின் பெயரைச் சொல்லும் அரபுப் பயண நூல், அல்லது ஒல்லாந்தர் காலத் தோம்பில் குடும்பப் பெயர்கள் கிடைத்தால் அந்த அத்தியாயம் தன் காலில் நிற்கும். 11 நாளில் அவற்றைத் தேட முடியாது.

11 நாளில் முடியக்கூடியது, கையில் இருக்கும் சான்று எதைத் தாங்குமோ அந்தக் கருத்தைக் கட்டுரையின் நடுவில் வைப்பது. வலது பக்கத்தை மறுபடி வாசித்தோம். அவள்தான் கண்டுபிடித்தாள். "ஏன் டீச்சர் சாமான் கப்பலுக்குப் பாதி, யானை, குதிரைக் கப்பலுக்குக் கால் மட்டும்?" உடைந்த கப்பலில் மன்னன் தன் பங்கைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது சும்மா அல்ல. யானையும் குதிரையும் படைக்கு வேண்டியவை. அவற்றைக் கொண்டு வருபவனின் நட்டத்தைக் குறைத்தால் அடுத்த முறையும் அவன் அதே துறைக்கு வருவான். அப்படியானால் ஊர்காவற்றுறை பொலன்னறுவை அரசின் போர்த் தேவையோடு கட்டப்பட்ட துறை என்ற கருத்து பிறக்கிறது. இதை மறுப்பவர் இருக்கலாம். அது சாதாரண வணிகச் சலுகைதான் என்று ஒருவர் வாதிடலாம். மறுக்க இடமிருப்பதால்தான் அது ஆய்வுக் கருத்து.

இதற்கு வேறு இடத்திலிருந்து இன்னொரு சாட்சி உண்டா என்று தேடினோம். தமிழகத்தில் திருவாலங்காட்டில் உள்ள, சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசனின் 12 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு படை திரட்டிக் கப்பல் கட்டிய இடங்களில் ஊராத்துறையையும் சொல்கிறது. நயினாதீவுக் கல்லைப் பார்த்து எழுதியது அல்ல இது. எதிரியின் பக்கத்திலிருந்து, வேறு நோக்கத்தோடு எழுதப்பட்டது. இதுதான் இரண்டாவது சாட்சி. வெற்றியைப் பாடும் கல்வெட்டு என்பதால் எதிரியின் ஆயத்தத்தைப் பெரிதாக்கியிருக்கலாம் என்ற எச்சரிக்கையையும் அவளே எழுதிக்கொண்டாள்.

ஆறு நாளில் மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி எழுதினாள். 48 பக்கம் 41 ஆனது. புதிய கருத்து வசனம் இப்படி அமைந்தது: "12 ஆம் நூற்றாண்டில் ஊர்காவற்றுறை, பொலன்னறுவை அரசின் யானை, குதிரைத் தேவைக்காகச் சிறப்புச் சலுகையோடு பேணப்பட்ட துறையாக இருந்தது. கப்பல் உடைவுக்கான பங்கு வேறுபாடும் சோழக் கல்வெட்டின் செய்தியும் இதைக் காட்டுகின்றன." நூற்றாண்டு இருக்கிறது, காரணம் இருக்கிறது, எந்தச் சான்றை உடைத்தால் இது உடையும் என்பதும் இருக்கிறது. தலைப்பிலிருந்த முஸ்லிம் வணிகர்கள் இறுதி அத்தியாயத்துக்குப் போனார்கள். அங்கே பரதேசி என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்கலாம், எதற்குச் சான்று உண்டு, எதற்கு இன்னும் தேட வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதினாள். "ஐயமின்றி" ஒன்பதும் போய்விட்டன. "இருந்திருக்கலாம்" என்ற சொல் ஐந்து இடத்தில் வந்தது. ஐந்திலும் ஏன் என்ற காரணமும் அடிக்குறிப்பும் இருந்தன.

எழுத்துப் பிழைகளைக் கடைசி இரண்டு நாளில் திருத்தினோம். ஒப்படைத்த பிறகு, தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலப் பதிவுகளைப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று விசாரித்தாள். மண்கும்பானிலும் நயினாதீவிலும் பழைய மையவாடிகளில் எழுத்துள்ள கற்கள் ஏதும் இருக்கின்றனவா என்று வரும் விடுமுறையில் போய்ப் பார்க்கப்போகிறாளாம். உம்மும்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். எந்தக் கல் எந்தக் குடும்பத்துக்குரியது என்று சொல்ல அவர்தான் இருக்கிறார்.